ஷிப்ட் வேலையோடு பகுதிநேர பி.இ. படிப்பவர், மாலை வகுப்பு வருகையில் தளர்வு கேட்டு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

சிஎன்சி_கோவை:
அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சிஎன்சி இயந்திரம் இயக்குபவராக இருக்கிறேன். அதோடு பகுதிநேர பி.இ. இயந்திரவியலில் மூன்றாம் பருவத்தில் படிக்கிறேன். வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணி முதல் 9 மணி வரை, நாளொன்றுக்கு 45 நிமிடப் பாடவேளைகள் 4. எங்கள் ஆலையில் ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. வாரம் ஒரு முறை மாறும். பி ஷிப்ட் வாரத்தில் என்னால் வகுப்புக்கு வரவே முடியாது. வெப்ப இயக்கவியல் எடுக்கும் விரிவுரையாளருக்குப் பின்வரும் மின்னஞ்சலை அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அவருக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன்; இங்கே தமிழில் தருகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்களிடம் மூன்றாம் பருவத்தில் பயிலும் மாணவன். ஷிப்ட் முறையில் பணிபுரிவதால் எல்லா வகுப்புகளுக்கும் வர இயலவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையை விடவும் முடியாது. ஆகவே தயவுகூர்ந்து என் வருகைப் பதிவில் தளர்வு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

வார்டு_எண்_ஏழு:
சகோதரருக்கு வணக்கம். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் முதுகலை படித்தேன். இரவுப் பணி இருந்ததால் தொடர்பு வகுப்புகளில் பாதிக்கும் மேல் போகவில்லை. ஒப்படைப்புகளை மட்டும் நாள் தவறாமல் அனுப்பினேன். தேர்வு எழுத யாரும் தடை சொல்லவில்லை. நீங்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சிஎன்சி_கோவை:
சகோதரி, என்னுடையது தொலைநிலைப் படிப்பு அல்ல. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் மாலை நேரப் படிப்பு. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பருவத் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

டிப்ளமோ_2014:
இதற்கு மின்னஞ்சலே தேவையில்லை. 75 விழுக்காடு என்பது பேச்சுக்குத்தான்; 65 இருந்தாலே போதும், தண்டக் கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வு எழுதலாம். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் உங்களுக்குப் போகிறது. மீதி இரண்டு வாரமும் ஒழுங்காகப் போனால் 66.7 விழுக்காடு வந்துவிடுகிறது. என்னோடு படித்தவர்கள் இப்படித்தான் பட்டம் வாங்கினார்கள்.

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
நான் பல ஆண்டுகள் பகுதிநேர மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவு பாதிதான் சரி. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையைப் பின்பற்றும் கல்லூரிகளில் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்ட வருகைக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நோய், விபத்து, அனுமதி பெற்ற விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்காக, உரிய சான்றிதழோடு, முதல்வர் பார்த்து ஒப்புக்கொண்டால் கிடைப்பது. கட்டணம் அதன் பிறகு வரும் சடங்கு. பருவம் தொடங்கும்போதே "நான் 66 விழுக்காடுதான் வருவேன்" என்று திட்டமிடுபவருக்காக அந்த விலக்கு வைக்கப்படவில்லை. தவிரவும், 66.7-இல் நிற்பவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் 65-க்கும் கீழே போய்விடுவார். அதற்குப் பிறகு முதல்வராலும் ஒன்றும் செய்ய இயலாது, பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் விரிவுரையாளருக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியாது. எத்தனை நாள் வர முடியாது, எந்தெந்த நாள், அவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இல்லை. வருகைப் பதிவில் தளர்வு அளிப்பது அவருடைய அதிகாரத்திலும் இல்லை. வராதவருக்கு வந்ததாகக் குறியிடச் சொல்கிறீர்களோ என்ற ஐயம்கூட அவருக்கு வரலாம். அந்த ஐயம் வந்துவிட்டால், செய்யக்கூடிய உதவியைச் செய்யவும் தயங்குவார். அவர் கையில் இருப்பவை வேறு: உள்தேர்வைத் தவறவிட்டால் மறுதேர்வு, ஒப்படைப்புக்கான கடைசி நாள், பாடவேளையை இன்னொரு ஆசிரியரோடு மாற்றிக்கொள்வது ஆகியவை. ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தால், விடுபட்ட சோதனையை வேறொரு நாளில் செய்யவும் அனுமதிக்கலாம். இவற்றைக் கேட்டால் கிடைக்கும்.

எழுதுவதற்கு முன் உங்கள் கால அட்டவணையையும், பருவத்தில் பி ஷிப்ட் வாரங்கள் எத்தனை வருகின்றன என்பதையும் இங்கே சொல்லுங்கள். உங்கள் கல்லூரியில் வருகையை மொத்தமாகக் கணக்கிடுகிறார்களா, பாடவாரியாகவா என்பதும் தெரிய வேண்டும்.

சிஎன்சி_கோவை:
நன்றி ஐயா. பருவம் 15 வாரம். அதில் பி ஷிப்ட் 5 வாரம் வருகிறது. திங்களும் புதனும் முதல் இரண்டு பாடவேளை கணிதம், அடுத்த இரண்டு வெப்ப இயக்கவியல். செவ்வாயும் வியாழனும் அதே போல் பொருள்களின் வலிமை, பிறகு உற்பத்தி முறைகள். வெள்ளி முழுவதும் ஆய்வகம். மொத்தமா, பாடவாரியா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஒருவர் மொத்தம் என்றார், இன்னொருவர் பாடவாரி என்றார்.

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
அப்படியானால் பாடவாரி என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அதில் தப்பினால் மொத்தத்திலும் தப்பிவிடுவீர்கள்.

மொத்தமாகப் பார்த்தால் 75 மாலைகளில் 25 போகின்றன, 50 மிஞ்சுகின்றன, தேவை 57. பி ஷிப்ட் வாரங்களில் எப்படியாவது 7 மாலைகள் வந்தாக வேண்டும். பாடவாரியாகப் பார்த்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் பருவத்தில் 60 பாடவேளைகள். 20 போனால் 40; தேவை 45. ஒரு மாலைக்கு இரண்டு பாடவேளை என்பதால், திங்கள் அல்லது புதனில் 3 மாலைகளும், செவ்வாய் அல்லது வியாழனில் 3 மாலைகளும் கூடுதலாக வேண்டும். ஆய்வகம் 15 நாள். 10 வருவீர்கள், தேவை 12. ஆக இரண்டு வெள்ளிக்கிழமைகள். மொத்தம் 8 மாலைகள். இந்த எட்டும் எந்தக் கிழமைகளில் விழுகின்றன என்பது முக்கியம். எட்டையும் திங்களிலும் புதனிலுமே தேடிக்கொண்டால் பொருள்களின் வலிமையில் 66.7-இலேயே நிற்பீர்கள்.

"வேலை காரணமாக வருகையில் தளர்வு" என்று கேட்பதற்கும், "பருவத்தில் எனக்கு 8 மாலைகள் குறைகின்றன, அவற்றை ஈடு செய்ய இப்படித் திட்டமிட்டிருக்கிறேன், தங்களிடம் வேண்டுவது இது" என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டாவதை எந்த ஆசிரியரும் படித்துவிட்டு ஒதுக்க மாட்டார்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
நான் ஆலைப் பக்கத்து ஆள் என்பதால் ஒரு கேள்வி கேட்கிறேன். சி ஷிப்ட் வாரத்தில் இரவு 10 மணிக்கு எப்படி ஆலைக்குப் போகிறீர்கள்? ஆலைப் பேருந்திலா?

சிஎன்சி_கோவை:
ஆமாம் அண்ணா. பேருந்து எங்கள் நிறுத்தத்துக்கு 8.50-க்கு வரும். அதனால் சி ஷிப்ட் வாரத்தில் 8.15-க்கே வகுப்பிலிருந்து கிளம்பிவிடுவேன். வீட்டுக்குப் போய்ச் சீருடை மாற்றி, சாப்பாடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
நல்ல வேளை கேட்டீர்கள். அவர் சொல்லாமல் விட்ட ஓட்டை அதுதான். 8.15-க்குக் கிளம்பினால் நான்காவது பாடவேளை போகிறது. திங்களிலும் புதனிலும் அது வெப்ப இயக்கவியல். வாரத்துக்கு 2 வீதம் 5 வாரத்தில் 10 பாடவேளைகள் போனால், 40 என்று நாம் நினைத்தது 30 ஆகிறது. அதாவது சரிபாதி. செவ்வாய், வியாழனில் உற்பத்தி முறைகளுக்கும் இதே கதிதான். ஆய்வகத்திலும் கடைசி முக்கால் மணி நேரம் போகிறது. நீங்கள் யாருக்கு மின்னஞ்சல் எழுதப் போகிறீர்களோ அவருடைய பாடத்தில்தான் உங்கள் வருகை மிக மோசமாக இருக்கும். மின்னஞ்சலில் பி ஷிப்டை மட்டும் சொல்லியிருந்தால், பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போது நீங்கள் உண்மையை மறைத்ததாக அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

டிப்ளமோ_2014:
கணித ஆசிரியரும் அவரும் புதன்கிழமை மட்டும் வரிசையை மாற்றிக்கொண்டால் போயிற்று. இதைக் கேட்பதில் என்ன தவறு?

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
தவறில்லை. ஆனால் இழப்பு மறைந்துவிடாது. இரண்டு பாடங்களுக்கும் பிரிந்து போகும். வெப்ப இயக்கவியலில் 35, கணிதத்தில் 35 என்று இரண்டுமே அடிவாங்கும். ஒரு மாணவருக்காக முழு வகுப்பின் அட்டவணையை மாற்றவும் வேண்டியிருக்கும். சி ஷிப்டில் வருபவர்கள் வகுப்பில் பத்துப் பேர் இருந்து எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது வேறு.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
சி ஷிப்ட் வாரத்துக்கு எளிய வழி, சீருடையையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோய், வகுப்பு முடிந்ததும் இருசக்கர வண்டியில் நேராக ஆலைக்குப் போய்விடுவது. காலையில் திரும்பும்போது தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் மனமார இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆலை வாசலில் சற்று நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பும் பையன்கள் எங்களிடம் உண்டு.

பி ஷிப்ட் வாரத்துக்கு, எந்த நாள்களை மாற்றிக்கொள்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் பி-யில் இருக்கும்போது ஏ-யில் இருக்கும் ஒருவரோடுதான் மாற்றிக்கொள்ள முடியும். செவ்வாயை மட்டும் மாற்றினால், திங்கள் இரவு 10-க்கு வேலை முடிந்து செவ்வாய் காலை 6-க்கு நீங்கள் திரும்ப வர வேண்டும்; அவரும் செவ்வாய் இரவு முடித்துவிட்டுப் புதன் காலையில் வர வேண்டும். இருவருக்கும் இடையில் எட்டே மணி நேரம்தான். இரண்டு தடவைக்கு மேல் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திங்களையும் செவ்வாயையும் சேர்த்து மாற்றினால், ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு நீங்கள் இரண்டு நாள் ஏ-யில் இருந்துவிட்டுப் புதன் மதியம் பி-க்கு வருவீர்கள். உங்களுக்கு நெருக்கடியே இல்லை, அவருக்கு மட்டும் ஒரு இரவு. வெள்ளி வேண்டுமென்றால் சனியையும் சேர்த்து மாற்றுங்கள். அப்போது நெருக்கடி வியாழன் இரவில் உங்களுக்கு. அவர் சனி இரவு முடித்தால் மறுநாள் விடுமுறை. பி ஷிப்ட் வரும் 5 வாரத்தில் 3 வாரம் திங்களும் செவ்வாயும், 2 வாரம் வெள்ளியும் சனியும் என்று மாற்றினால், ஐயா சொன்ன 8 மாலைகளும் சரியாக விழுந்துவிடுகின்றன.

எதையும் வாய்மொழியாகச் செய்யாதீர்கள். மாற்றம் ஷிப்ட் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் பி-யில் இருக்கும் ஆளுக்கு ஏ ஷிப்டில் கையில் அடிபட்டால், இஎஸ்ஐ-க்கு விபத்து அறிக்கை எழுதும்போது பொறுப்பாளரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். மனிதவளத் துறையிடமிருந்து மாற்றத்துக்கு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதமே உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பாகவும் பயன்படும்.

பின்வரிசை_நான்கு:
நானும் மாலை வகுப்பு மாணவன்தான். எனக்குப் பொது ஷிப்ட். வேலை முடிந்து இரண்டு பேருந்து மாறி, மூன்று ஆண்டுகளாக 6 மணிக்கு வகுப்பில் இருக்கிறேன். சேரும்போதே மாலை வகுப்பு என்று தெரிந்துதானே சேர்ந்தீர்கள்? ஒருவருக்கு மறுதேர்வு, ஒருவருக்குத் தனி ஆய்வகம் என்று கொடுத்தால், ஒழுங்காக வருபவனுக்கு என்ன மதிப்பு? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வகுப்பில் எழும்.

சிஎன்சி_கோவை:
நியாயமான கேள்வி. சேர்ந்தபோது எனக்கும் பொது ஷிப்ட்தான். சென்ற ஆண்டு புதிய இயந்திரங்கள் வந்த பிறகுதான் சுழற்சி முறையில் போட்டார்கள். சேர்க்கையின்போது நான் கொடுத்த பணிச் சான்றிதழில் ஷிப்ட் பற்றி ஒன்றும் இல்லை.

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
அந்த ஒரு வரியை மின்னஞ்சலில் கட்டாயம் எழுதுங்கள். குடும்பச் சூழ்நிலை பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அந்த வகுப்பில் எல்லோருக்குமே குடும்பச் சூழ்நிலை உண்டு.

பின்வரிசை நண்பரின் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நான் மறுதேர்வு வைத்தபோது வேறு வினாத்தாள்தான் வைத்தேன். அது கடினமாக இருந்தது என்று எழுதியவர்கள் குறைபட்டார்கள். எளிதாக இருந்தது என்று மற்றவர்கள் குறைபட்டார்கள்.

பி ஷிப்ட்காரர்கள் கவனிக்காத ஒரு வசதியும் இருக்கிறது. அந்த வாரத்தில் காலை முழுவதும் நீங்கள் ஓய்வாக இருப்பீர்கள்; மாலையில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் பெரும்பாலும் அதே கல்லூரியில் பகலிலும் இருப்பார். விடுபட்ட உள்தேர்வைக் காலை 10 மணிக்கு வந்து எழுதுகிறேன், விடுபட்ட சோதனையைக் காலையில் ஆய்வக உதவியாளர் முன்னிலையில் செய்கிறேன் என்று நீங்களே நேரத்தைச் சொல்லிக் கேட்டால், அவர் தனியாக ஒரு மாலையைத் தேட வேண்டியதில்லை.

வார்டு_எண்_ஏழு:
முதலில் நான் தவறாகப் புரிந்துகொண்டேன். இருந்தாலும் கேட்கிறேன்: காலையில் பகல்நேர மாணவர்களோடு அதே பாடத்தில் உட்கார்ந்தால், அதை வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? கல்லூரிப் பணிக்காக வெளியே போகும் மாணவர்களுக்கு ஆன் டியூட்டி, அதாவது ஓடி, கொடுப்பதைப் போல, இவருக்கும் ஆலைக் கடிதத்தை வைத்து ஓடி கொடுக்கக் கூடாதா?

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
ஓடி என்பது கல்லூரியின் சார்பில் போட்டிக்கோ கருத்தரங்குக்கோ போனவருக்குக் கொடுப்பது. சொந்த வேலைக்குக் கேட்டால் துறைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். ஆலைக் கடிதம் சூழ்நிலைக்குச் சான்று மட்டுமே. பகல் வகுப்பில் உட்காருவது பற்றி என் அனுபவம் இரண்டு விதம். ஒரு துறைத்தலைவர், பாடத்திட்டம் ஒன்றாக இருந்தால் எழுத்துமூலம் அனுமதித்தார்; அடுத்து வந்தவர், பகுதிநேர மாணவரின் பெயர் பகல் பதிவேட்டில் இல்லை என்று மறுத்துவிட்டார். அதனால் அதைக் கோரிக்கையாக வைக்காமல் கேள்வியாக வையுங்கள்.

சிஎன்சி_கோவை:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். மனிதவளத் துறையில் கடிதம் வாங்கிவிட்டேன். அனுப்பிய மின்னஞ்சலின் தமிழ் வடிவம் இது:

"பொருள்: மூன்றாம் பருவம், வெப்ப இயக்கவியல் – ஷிப்ட் பணியால் குறையும் வருகையை ஈடு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,
நான் தங்களிடம் திங்கள், புதன் மாலைகளில் வெப்ப இயக்கவியல் பயிலும் பகுதிநேர மாணவன். படிப்பில் சேர்ந்தபோது பொது ஷிப்டில் இருந்தேன். சென்ற ஆண்டு முதல் என்னை மூன்று ஷிப்ட் சுழற்சியில் நியமித்துள்ளனர். இதனால் பருவத்தின் 15 வாரங்களில் 5 வாரங்கள் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை பணியில் இருக்க நேர்கிறது. அந்த வாரங்களின் தேதிகளையும் நிறுவனத்தின் கடிதத்தையும் இணைத்துள்ளேன்.

இந்த 5 வாரங்களில் 3 திங்கட்கிழமைகளில் ஷிப்டை மாற்றிக்கொள்ள நிறுவனம் அனுமதித்துள்ளது. இரவுப் பணி வாரங்களில் இதுவரை கடைசிப் பாடவேளையைத் தவிர்த்து வந்தேன். இனி முழுமையாக இருப்பேன். இதன்படி தங்கள் பாடத்தின் 60 பாடவேளைகளில் 46-க்கு வருகை தர இயலும் என்று கணக்கிடுகிறேன்.

தங்களிடம் வேண்டுவது இரண்டு. முதல் உள்தேர்வு நான் வர இயலாத வாரத்தில் அமைந்தால், அதே வாரத்தில் தாங்கள் குறிக்கும் ஒரு நாள் காலை 10 மணிக்கு வந்து எழுத அனுமதி வேண்டுகிறேன். அவ்வாரங்களுக்கான ஒப்படைப்புகளை அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அளிக்கவும் அனுமதி வேண்டுகிறேன். மேலும், அவ்வாரங்களில் பகல்நேர வகுப்பில் அமர்ந்தால் அது வருகையாகக் கொள்ளப்படுமா என்பதைத் துறைத்தலைவரிடம் கேட்க எண்ணியுள்ளேன். தங்களுக்கு மறுப்பு இல்லையெனில் அவருக்கு விண்ணப்பிப்பேன்."

மறுநாளே பதில் வந்தது. இரண்டுக்கும் சம்மதம், உள்தேர்வு உண்மையிலேயே பி ஷிப்ட் வாரத்தில்தான் விழுகிறது, வியாழன் காலை வரச் சொல்லியிருக்கிறார். பகல் வகுப்பு பற்றி, "துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள், நான் பரிந்துரைக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
தேவை 45, உங்கள் கணக்கு 46. ஒரு பாடவேளைதான் உபரி. மாற்றிக்கொள்ளும் நண்பர் ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்தால் என்ன செய்வீர்கள்? இன்னொருவரிடமும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை_வகுப்பு_ஆசிரியர்:
அதுவே என் கவலையும். நான்காவதாக ஒரு திங்களை இப்போதே கேட்டு வையுங்கள். உண்மையாகவே உடம்புக்கு முடியாமல் போனால், அன்றே மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். முதலில் பேசிய அந்த விலக்கு இதற்காகத்தான் இருக்கிறது. மற்ற மூன்று பாட ஆசிரியர்களுக்கும் எழுதிவிட்டீர்களா? அந்தந்தப் பாடத்தின் கணக்கோடு தனித்தனியாக எழுதுங்கள். இதையே நகலெடுத்து அனுப்பாதீர்கள்.

சிஎன்சி_கோவை:
கணிதத்துக்கும் பொருள்களின் வலிமைக்கும் எழுதிவிட்டேன் ஐயா. உற்பத்தி முறைகள் ஆசிரியர் மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்கிறார்கள். செவ்வாயன்று நேரில் அச்சுப் பிரதியைக் கொடுக்கப் போகிறேன். ஆய்வகத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் குழுவில் நால்வர். நான் வராத வெள்ளிக்கிழமைகளில் எடுத்த அளவீடுகளை நான் என் பதிவேட்டில் எழுதலாமா, தனியாகச் சோதனை செய்துதான் எழுத வேண்டுமா?

பின்வரிசை_நான்கு:
எங்கள் ஆய்வகத்தில் தனியாகச் செய்துதான் எழுத வேண்டும். குழுவின் அளவீட்டை எழுதிய ஒருவரின் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். உங்கள் கல்லூரியில் எப்படி என்று ஆய்வக உதவியாளரைக் கேளுங்கள். ஆசிரியரைவிட அவருக்குத்தான் தெரியும்.